முதல் பிரசவம், முதல் வாரம்: குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்டுல நீங்க வச்சு விட்டப்ப நல்லா குடிச்சா சிஸ்டர். வீட்டுக்கு வந்த ராத்திரியே வாய் வைக்க மாட்டேங்கிறா. என்ன ஆச்சு?

பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நீங்கள் உட்காரும் விதம்தான் மாறியிருக்கும். வார்டில் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கிவிட்டிருப்போம். உங்கள் முதுகுக்குப் பின்னால் தலையணை இருக்கும். பக்கத்தில் நிற்கும் நர்ஸ் ஒரு கையால் குழந்தையின் முதுகைத் தாங்கியிருப்பார். அந்த மூன்றும் வீட்டுக்கு வருவதில்லை.

வீட்டில் என்ன நடக்கிறது? பாயில் காலை நீட்டி உட்காருகிறீர்கள். குழந்தையைத் தொடைமேல் மல்லாக்கப் போட்டுக்கொண்டு, அதன் வாய்க்கு எட்டும்படி நீங்கள் குனிகிறீர்கள். குனிந்த நிலையில் மார்பு தொங்கும், காம்பு மட்டும்தான் வாய்க்குள் போகும். இரண்டு நிமிஷத்தில் முதுகு வலியெடுத்து நிமிர்வீர்கள். நிமிர்ந்தால் மார்பு மேலே இழுபட்டு, குழந்தை காம்பின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்கும் கோபம் வரும், உங்களுக்கும் வலிக்கும்.

முதலில் சுவரோரம் நகருங்கள். முதுகு முழுவதும் சாய வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, அதற்கடியில் ஒரு தலையணை வையுங்கள். மடியில் இன்னொரு தலையணை, அது போதாவிட்டால் மேலே பழைய புடவை இரண்டை மடித்துப் போடுங்கள். குழந்தையைப் படுக்கவைத்தால் அதன் மூக்கு உங்கள் காம்புக்கு நேராக வரும் உயரம்தான் சரியான உயரம். அந்த உயரம் கிடைக்கும் வரை அடுக்கிக்கொண்டே போகலாம். நாற்காலியில் உட்காருபவர்கள் காலுக்கடியில் பலகை போட்டுக்கொண்டால் மடி இறங்காது.

இன்னொன்று, மாராப்பு. முதல் ஒரு வாரமாவது புடவைத் தலைப்பை மூடிக்கொண்டு பால் கொடுக்காதீர்கள். குழந்தையின் வாய் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அதைச் சரியாக வைக்க யாராலும் முடியாது. அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள், அது போதும்.

எப்படி வாய் வைக்கணும்னு ஒண்ணொண்ணா சொல்லுங்க. எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு நான் சொல்லித்தருவது எதிர்க்கைப் பிடிப்பு. இடது மார்பில் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். குழந்தையை வலது கையால் பிடிக்க வேண்டும். நம் வீடுகளில் பழக்கம் இதற்கு நேர்மாறு. இடது மார்பென்றால் இடது முழங்கை மடிப்பில் தலையை வைத்துக்கொள்வார்கள். மூன்று மாதக் குழந்தைக்கு அது சரிதான். மூன்று நாள் குழந்தையின் தலை அந்த மடிப்பில் உருண்டு கீழே போய்விடும், நீங்களும் அதைத் திருப்ப முடியாது.

சுற்றியிருக்கும் துணியை அவிழ்த்துவிடுங்கள். பொட்டலம் மாதிரிக் கட்டிய குழந்தையை மார்போடு சேர்த்து அணைக்க முடியாது. குழந்தை ஒருக்களித்து, அதன் வயிறு உங்கள் வயிற்றைத் தொட்டபடி இருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். கழுத்து மட்டும் திரும்பியிருந்தால் விழுங்க முடியாது. நீங்கள் தோளுக்கு மேல் பின்னால் திரும்பிப் பார்த்தபடி ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள், புரியும்.

வலது உள்ளங்கை குழந்தையின் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இரண்டு காதுகளுக்குக் கீழே, கழுத்தோரம். பின்னந்தலையில் கை படக்கூடாது. இது முக்கியம். பின்னந்தலையைப் பிடித்து மார்பை நோக்கித் தள்ளினால் குழந்தை விறைத்துத் தலையைப் பின்னால் தள்ளும். பார்ப்பவர்கள் "பால் வேண்டாங்குது பாரு" என்பார்கள். அது பாலை வேண்டாம் என்று சொல்லவில்லை, தலையிலிருக்கும் கையைத்தான் வேண்டாம் என்கிறது.

இடது கையால் மார்பைத் தாங்குங்கள். நான்கு விரல்கள் கீழே, கட்டைவிரல் மேலே, எல்லாம் கருவட்டத்திலிருந்து தள்ளி. இப்போது குழந்தையின் மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். வாய் நேராக இருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். மூக்கு நேராக இருந்தால்தான் குழந்தை அண்ணாந்து வாயைத் திறக்கும். மேலுதட்டில் காம்பால் லேசாகத் தடவுங்கள், பிறகு காத்திருங்கள். முதலில் கொஞ்சமாக வாய் திறக்கும், அப்போது அவசரப்படாதீர்கள். கொட்டாவி விடுவதுபோல அகலமாகத் திறந்து, நாக்கு கீழே இறங்கும் ஒரு நொடி வரும். அந்த நொடியில் தோள்பட்டையில் இருக்கும் உங்கள் வலது கையால் குழந்தையை மார்போடு சேர்த்து இழுங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டுபோகக் கூடாது. குழந்தைதான் மார்புக்கு வர வேண்டும்.

முதலில் தொடவேண்டியது தாடை. கீழுதடு காம்பிலிருந்து நன்றாகக் கீழே, கருவட்டத்தின் ஓரத்தில் போய் உட்கார வேண்டும். மேலுதடு கடைசியாகக் காம்பைத் தாண்டி வரும். பால் இழுக்கும் வேலையைச் செய்வது கீழ்த்தாடையும் நாக்கும்தான். அவை எந்த இடத்தில் உட்காருகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரியா வச்சிருக்கானான்னு எனக்கு எப்படித் தெரியும்? மேலேருந்து பார்த்தா ஒண்ணும் தெரியல.

நான்கு அடையாளம் உண்டு. வாய் அகலமாகத் திறந்திருக்கும். கீழுதடு வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். தாடை மார்பில் அழுந்தியிருக்கும். கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே தெரியும் அளவுக்குக் கீழே தெரியாது. உங்களுக்கு மேலிருந்து நன்றாகத் தெரிவது இந்தக் கடைசி அடையாளம்தான். கீழுதட்டைப் பார்க்க அம்மாவையோ வீட்டுக்காரரையோ பக்கவாட்டில் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கணவருக்குக் கொடுக்கக்கூடிய நல்ல வேலை இது.

கருவட்டம் முழுவதும் வாய்க்குள் போக வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கருவட்டம் ஆளாளுக்கு வேறு அளவு. பெரிய கருவட்டம் உள்ளவருக்கு நன்றாகக் கவ்வியிருக்கும்போதும் மேலே நிறையவே தெரியும்.

கண்ணைவிடக் காதை நம்பலாம். பால் இறங்கத் தொடங்கிய பிறகு, முதலில் சில வேகமான சின்னச் சப்பல்கள் இருக்கும். பிறகு தாடை ஆழமாக, நிதானமாக அசையும். ஒன்றிரண்டு சப்பலுக்கு ஒரு முறை மெல்லிய "க்க்" என்று மூச்சோடு விழுங்கும் சத்தம் கேட்கும். காதோரம் கூட அசைவது தெரியும். சீம்பால் மட்டும் வரும் முதல் இரண்டு நாளில் விழுங்கல் அவ்வளவு அடிக்கடி இருக்காது, அளவே கொஞ்சம்தான் என்பதால். கன்னம் உள்ளே குழிந்தாலோ "டொக், டொக்" என்று நாக்கு விடுபடும் சத்தம் வந்தாலோ வெறும் நுனியைத்தான் சப்புகிறது.

"மொதல்ல வலிக்கத்தான் செய்யும், பல்லைக் கடிச்சுக்கோ"ன்னு அத்தை சொல்றாங்க. நிஜமா?

பாதி நிஜம். முதல் சில நாட்களில், குழந்தை கவ்விய உடனே கூச்சமும் இழுப்பும் இருக்கும். அரை நிமிஷத்தில் அது அடங்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் கழித்தும் வலித்தால், கால் விரல்களைச் சுருக்கிக்கொண்டு பால் கொடுக்கிறீர்கள் என்றால், அது தாங்கிக்கொள்ள வேண்டிய வலி இல்லை. வாய் தவறான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

காரணத்தை உங்கள் வாயிலேயே தெரிந்துகொள்ளலாம். நாக்கு நுனியால் மேலண்ணத்தைப் பல்லிலிருந்து பின்னோக்கித் தடவிப் பாருங்கள். எலும்பு மாதிரிக் கெட்டியாக இருந்து, ஓர் இடத்தில் மெத்தென்று மாறும். காம்பு அந்த மெத்தென்ற இடத்துக்குப் பக்கம் வரை போனால் அதை எதுவும் நசுக்காது. நுனியை மட்டும் கவ்வினால் கெட்டியான அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவில் அது ஒவ்வொரு சப்பலுக்கும் அரைபடும். இரண்டே நாளில் வெடிப்பு வந்துவிடும்.

குழந்தை வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள். நீளமாக, உருண்டையாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் சீவிவிட்ட லிப்ஸ்டிக் மாதிரிச் சரிந்தோ, தட்டையாகவோ, நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தோ வந்தால் நசுங்கியிருக்கிறது.

வலித்தால் அப்படியே இழுக்காதீர்கள், அதுதான் தோலை உரிக்கும். சுண்டுவிரலைக் கழுவி, குழந்தையின் வாயோரத்தில் ஈறுகளுக்கு நடுவில் நுழையுங்கள். பிடி விட்டதும் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். நான்கு முறை எடுத்து வைக்க வேண்டி வந்தாலும் பரவாயில்லை.

வெடிப்பு வந்தவர்கள் கேட்பது என்ன களிம்பு தடவலாம் என்று. பால் கொடுத்து முடித்ததும் கடைசிச் சொட்டைக் காம்பில் தடவிக் காற்றாட விடுங்கள், சோப்பு போடாதீர்கள். ஆனால் கவ்வும் விதத்தை மாற்றாமல் என்ன தடவினாலும் அடுத்த முறை கொடுக்கும்போது திரும்ப வெடிக்கும்.

மூக்கு அமுங்கி மூச்சு முட்டிடுமோன்னு பயமா இருக்கு. விரலால அழுத்திப் பிடிச்சுக்கவா?

வேண்டாம். பாட்டிமார்கள் இரண்டு விரலைக் கத்தரிக்கோல் மாதிரி வைத்து, மூக்குக்கு மேலே மார்பை அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். அப்படி அழுத்தும்போது காம்பு குழந்தையின் வாயிலிருந்து முன்னால் இழுபடும், நல்ல கவ்வலும் நுனிக் கவ்வலாக மாறிவிடும். ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் அங்கே பால் கட்டவும் செய்யும்.

குழந்தையின் மூக்கு சப்பையாக, இரண்டு பக்கமும் ஓட்டை விரிந்து இருப்பதே மார்பில் ஒட்டியிருந்தாலும் ஓரத்தால் மூச்சு விடத்தான். நிஜமாகவே அடைபட்டால் குழந்தை தானே வாயை விட்டுவிடும். அப்படி அடிக்கடி விட்டால், குழந்தையின் இடுப்பை உங்கள் பக்கம் இன்னும் நெருக்குங்கள், முழு உடலையும் காலடிப் பக்கமாக ஒரு விரற்கடை நகர்த்துங்கள். தலை தானாகப் பின்னால் சாயும், தாடை உள்ளே போகும், மூக்கு விலகும்.

எனக்கு ஆபரேஷன். தையல் மேல குழந்தையை வைக்கவே முடியல. எப்படிக் கொடுக்கறது?

வயிற்றைத் தொடாத இரண்டு வழி இருக்கிறது. முதல் சில நாட்களுக்குப் படுத்தபடி கொடுப்பதுதான் பலருக்கும் ஏற்றது. ஒருக்களித்துப் படுங்கள். தலைக்கு ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் ஒன்று, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. முழங்காலுக்கு நடுவில் வைத்தால் தையல் இழுக்காது. குழந்தையை உங்களைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அதன் தலைக்குத் தலையணை கூடாது. பின்முதுகில் ஒரு துண்டைச் சுருட்டி அண்டை கொடுத்தால் மல்லாந்துவிடாது. இங்கேயும் மூக்குதான் காம்புக்கு நேர். கீழ்ப்பக்க மார்பைக் கொடுங்கள். முடிந்ததும் துண்டை எடுத்துவிட்டு, உங்கள் தலையணைகளிலிருந்து தள்ளி, குழந்தையை மல்லாக்கப் படுக்கவையுங்கள். களைப்பில் நீங்கள் தூங்கிவிடக்கூடும் என்பதால், முதல் சில நாள் பக்கத்தில் ஒருவர் விழித்திருப்பது நல்லது.

உட்கார முடிகிறவர்கள் குழந்தையைக் கைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக் கையால் அணைப்போமே, ஏறக்குறைய அப்படி. குழந்தையின் உடல் உங்கள் பக்கவாட்டில், கால்கள் முதுகுப் பக்கம், கீழே உயரமாகத் தலையணை, உங்கள் உள்ளங்கை அதன் தோளுக்கடியில். ஒரு தவறு மட்டும் எல்லோரும் செய்வது: குழந்தையின் பாதம் பின்சுவரில் முட்டும். முட்டினால் உந்தித் தள்ளி வில்லாக வளையும். கால்கள் சுவரில் மேல்நோக்கிப் போகும்படி இடுப்பைச் சுவரோரம் ஒட்டிவையுங்கள், அல்லது நீங்கள் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காருங்கள். மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கும், இரட்டைக் குழந்தைக்காரர்களுக்கும், எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் இதே பிடிப்பு உதவும். குழந்தையின் வாய் முழுவதும் தெரியும் என்பது கூடுதல் சௌகரியம்.

மூணாம் நாள் மார்பு ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. பால் இருக்கு, ஆனா குழந்தையால பிடிக்க முடியல.

பால் இறங்கிவிட்டது. முதல் இரண்டு நாள் பிடித்த குழந்தை மூன்றாம் நாள், நாலாம் நாள் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஊதிய பலூனைக் கடிக்கப் பார்த்தால் வாய் வழுக்குமே, அப்படி. கருவட்டம் விறைத்துக் காம்பு தட்டையாகிவிடும்.

கவ்வவைக்கும் முன்பு அந்த வட்டத்தை மட்டும் மெத்தென்று ஆக்கினால் போதும். இரண்டு கை விரல் நுனிகளையும் காம்பின் அடிவாரத்தைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி நேராக, மெதுவாக அழுத்துங்கள். மனசுக்குள் அறுபது எண்ணுங்கள். பிறகு விரல்களை இடம் மாற்றி இன்னொரு முறை. வீக்க நீர் பின்னால் ஒதுங்கி, அந்த இடம் உதடு மாதிரி மென்மையாகும். அதற்குப் பிறகும் கெட்டியாக இருந்தால் கையால் கொஞ்சம் கறந்துவிட்டு உடனே குழந்தையை வையுங்கள். கொடுப்பதற்கு முன் வெதுவெதுப்பான ஈரத்துணியை இரண்டு மூன்று நிமிஷம் போடலாம். கொடுத்த பிறகு குளிர்ந்த துணி. வெந்நீர் ஒத்தடத்தையே நாள் முழுக்கப் போட்டால் வீக்கம் கூடும்.

கல்லாகிவிட்டது என்று கொடுக்காமல் விடுவதுதான் பெரிய தவறு. இரவிலும் சேர்த்து நாளைக்கு 8 முதல் 12 முறை கொடுத்தால் ஒன்றிரண்டு நாளில் சரியாகும்.

என் காம்பு உள்ளே போய்தான் இருக்கு. எனக்கெல்லாம் முடியுமா அக்கா?

குழந்தை குடிப்பது காம்பிலிருந்து இல்லை, காம்பைச் சுற்றியுள்ள மார்பை வாய் நிறையக் கவ்வித்தான். அதனால் முடியும். ஆனால் வாய்க்குள் ஏதோ ஒன்று அண்ணத்தைத் தொட்டால்தான் குழந்தைக்குச் சப்பத் தோன்றும், அதற்குக் கொஞ்சம் உதவி வேண்டும்.

நம் அரசு மருத்துவமனைகளில் பல காலமாகச் செய்வது ஊசி இல்லாத சிரிஞ்ச் வைத்தியம். 10 மில்லி சிரிஞ்ச், காம்பு பெரிதென்றால் 20 மில்லி. ஊசி மாட்டும் முனையைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, உள்தண்டை வெளியே இழுத்து, வெட்டிய பக்கம் வழியாகத் திருப்பிச் செருக வேண்டும். வழுவழுப்பான மறுபக்கம்தான் மார்பில் படும். காம்பை மூடி வைத்துத் தண்டை மெல்ல இழுத்து, அரை நிமிஷம் முதல் ஒரு நிமிஷம் பிடித்து, பிறகு தண்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காற்றை விட்டு எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும் முன்பும் இதைச் செய்து, காம்பு வெளியே நிற்கும்போதே குழந்தையை வைத்துவிட வேண்டும். வலித்தால் இழுப்பு அதிகம். வெடிப்பு இருந்தால் செய்யக்கூடாது. டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வார்டு நர்ஸிடம் ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள், வீட்டில் தனியாக முதல்முறை முயல வேண்டாம்.

சரியாத்தான் வச்சிருக்கேன்னு நினைக்கிறேன். ஆனா பால் பத்துதா இல்லையான்னு எப்படித் தெரியும்?

அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. துணியை எண்ணுங்கள். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று கூடி, ஐந்தாறு நாளிலிருந்து ஒரு நாளைக்குக் குறைந்தது 6 முறை வெளிர்நிறச் சிறுநீர் போக வேண்டும். கருப்புக் காட்டுப்பீ பச்சையாகி, நாலைந்து நாளில் மஞ்சளாக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல்பொடி நிறத்தில் கறை பட்டால் பயமில்லை. ஐந்தாம் நாளும் அதே கறை என்றால் பால் போதவில்லை.

எடை எல்லாக் குழந்தைக்கும் முதலில் குறையும். பிறந்த எடையில் நூற்றுக்கு 7 வரை சாதாரணம். அதைத் தாண்டினால் பால் கொடுப்பதை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும், 10 தொட்டால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

ஒரு தாயைச் சொல்கிறேன். சிசேரியன், முதல் குழந்தை, பிறந்த எடை 2.900 கிலோ. நாலாம் நாள் எடை 2.640. குறைந்தது 260 கிராம், நூற்றுக்கு 9. சிறுநீர் அன்று மூன்றே முறை. இடது காம்பில் வெடிப்பு, வலதில் இல்லை. கூட இருந்த அம்மா, "பாலே ஊறலை, பவுடர் எழுதிக் கொடுங்க" என்று நின்றார். மருத்துவர் பார்த்துவிட்டு, முதலில் கொடுப்பதைக் கவனியுங்கள் என்றார்.

மார்பை அழுத்தினால் பால் பீச்சியது. ஆக, ஊறல் பிரச்சினை இல்லை. கொடுக்கச் சொல்லிப் பார்த்தேன். வலது மார்பில் சுமாராகப் பிடித்தது. இடது மார்புக்கு மாற்றும்போது, வலது கையில் சலைன் ஊசி போட்டிருந்த இடம் வலித்ததால், அவர் இடது முழங்கை மடிப்பிலேயே குழந்தையை வைத்துக்கொண்டார். தையலில் படாமல் இருக்கக் குழந்தையின் உடலை வெளிப்பக்கம் விலக்கியிருந்தார். வயிறு கூரையைப் பார்க்க, தலை மட்டும் மார்பைப் பார்க்கத் திரும்பியிருந்தது. கன்னம் குழிந்தது, விழுங்கும் சத்தமே இல்லை. பத்து நிமிஷத்தில் களைத்துத் தூங்கிவிட்டது. குடித்து முடித்தது என்று அவர் நினைத்தார். பால் வராமல் சோர்ந்ததுதான் அது. வாயை எடுத்தபோது காம்பு சரிந்து வந்தது.

மாற்றியது ஒன்றே ஒன்று. இடது மார்புக்குக் குழந்தையை இடது கைக்கு அடியில் கொண்டுவந்தோம். இரண்டு தலையணை உயரம், மூக்கு காம்புக்கு நேர், தாடை முதலில். மூன்றாவது முயற்சியில் அகலமாகத் திறந்து கவ்வியது. "வலிக்கலையே" என்றார், அவருக்கே நம்பிக்கை இல்லை. விழுங்கும் சத்தத்தை அவர் அம்மாவையும் குனிந்து கேட்க வைத்தேன். அன்று இரவு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கறந்து பாலாடையில் கொடுத்தார்கள். ஏழாம் நாள் 2.720. பதினாலாம் நாள் 2.930. பவுடர் டப்பா வாங்கவில்லை.

ரொம்ப அழுது, மார்பைப் பக்கத்துல கொண்டுபோனாலே தள்ளுது. அந்த நேரத்துக்கு மட்டும் பாட்டில் கொடுத்தா என்ன?

அழும் குழந்தையின் நாக்கு மேலே தூக்கியிருக்கும், அதனால் அப்போது கவ்வ முடியாது. அழுகை பசியின் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே கையை வாயில் வைக்கும், தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும். அப்போதே எடுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அழ ஆரம்பித்துவிட்டால் முதலில் அடக்குங்கள். துணியை அவிழ்த்து உங்கள் நெஞ்சில் தோலோடு தோல் படப் போட்டு, மேலே ஒரு போர்வை. ஐந்து பத்து நிமிஷத்தில் அதுவே மார்பைத் தேடி நகரும்.

பாட்டில் ரப்பரில் வாயைக் குறுக்கிச் சப்பினாலே போதும், பால் தானாக வரும். அந்தப் பழக்கத்தோடு மார்புக்கு வந்தால் நுனியைத்தான் பிடிக்கும். அதனால் முதல் வாரங்களில் பாட்டிலைத் தவிர்ப்பது நல்லது. மார்பில் பிடிக்கவே இல்லையென்றால் கையால் கறந்து பாலாடையில் கொடுங்கள். பாலாடையைக் கொதிக்கவைத்து எடுங்கள். குழந்தையைக் காலில் மல்லாக்கப் போட்டுச் சங்கால் ஊற்றும் பழக்கம் வேண்டாம், புரையேறும். நிமிர்த்தி மடியில் உட்காரவைத்து, பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். குழந்தை தானே உறிஞ்சட்டும், ஊற்றக் கூடாது.

சேனை தொட்டு வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் தேவையில்லை. தேன் ஒரு வயதுக்குக் கீழ் ஆபத்தும் கூட. பெரியவர்கள் மனசு நோகுமே என்பவர்கள் அந்த வேலையை உங்கள் வீட்டு நர்ஸ்மேல் போட்டுவிடுங்கள்: "சிஸ்டர் திட்டுவாங்க" என்று சொன்னால் போதும், எங்களுக்குப் பழக்கம்தான்.

எப்போ திரும்ப ஆஸ்பத்திரிக்கு வரணும்?

வலி மட்டும் என்றால், கவ்வும் விதத்தை மாற்றி ஒரு நாள் பார்த்துவிட்டு, குறையாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடமோ பிரசவம் பார்த்த இடத்திலோ காட்டுங்கள். எல்லா விதமாகப் பிடித்தும் வலி போகாமல், குழந்தை நாக்கை ஈறுக்கு வெளியே நீட்டாமல் இருந்தால், நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு இழுத்துப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை வேறு. எழுப்பினாலும் எழாமல் தொடர்ந்து இரண்டு வேளைப் பாலைத் தவறவிடும் குழந்தை, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள், வேகமான மூச்சு, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவென்று பார்க்காமல் கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. உங்களுக்கு மார்பில் ஓரிடம் சிவந்து சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பக்கத்திலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். வரும்போது குழந்தையின் டிஸ்சார்ஜ் அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள், பிறந்த எடை அதில்தான் இருக்கும்.